ஸ்னேர் கணகணக்கிறது, டாம் இழுக்கிறது: ராக் அடிக்கு எப்படி டியூன் செய்வது?

வில்லாபுரம் மாடி | 7 ஏப்ரல் 2024, இரவு 9.40

டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. போன மாதம் பழைய ஐந்து பீஸ் செட் ஒன்று வாங்கினேன். 22 கிக், 12, 13 டாம், 16 ஃப்ளோர் டாம், 14 ஸ்னேர். வீட்டு மாடியில் தகரக் கொட்டகையில் போட்டிருக்கிறேன். ராக் பாட்டில் வருகிற மாதிரி நெஞ்சில் குத்துகிற சத்தம் வேண்டும். எனக்கு 12 டாம் ‘டொய்ங்’ என்று இழுக்கிறது. ஃப்ளோர் டாம் அட்டைப்பெட்டியில் அடித்தது போல் இருக்கிறது. ஸ்னேர் சில்வர் பானையைத் தட்டுகிற மாதிரி கணகணக்கிறது. கீ வைத்து எல்லாவற்றையும் நன்றாக இறுக்கிப் பார்த்தேன், இன்னும் மோசமானது. மே 11 எங்கள் தெருவில் ஒரு சின்ன மேடை, நான்கு பாட்டு அடிக்க வேண்டும். செட்டே சரியில்லையா, நான் டியூன் செய்வது சரியில்லையா?

சிம்மக்கல் ராக்கர் | 8 ஏப்ரல், காலை 7.15

இறுக்கியது போதாது. ஸ்கின் இறுகினால்தான் ஸ்டிக் எகிறும், அடி கூர்மையாக விழும். இன்னும் ஒரு சுற்று வை. இழுக்கிற சத்தத்துக்கு நான்காய் மடித்த டிஷ்யூ பேப்பரை ஓரத்தில் வைத்து டேப் ஒட்டு. கிக்குக்குள் தலையணை. நான் ஆறு வருஷமாக இப்படித்தான் அடிக்கிறேன்.

பசுமலை கீ | 8 ஏப்ரல், இரவு 10.50

சிம்மக்கல் சொன்னதில் பாதி சரி. இறுகிய தோலில் ஸ்டிக் எகிறும், அடியின் முனை தெளிவாகக் கேட்கும். ஸ்னேருக்கு அது ஓரளவு உதவும். டாமுக்கு உதவாது. டாமில் ‘குத்து’ என்று நாம் சொல்வது மூன்று பகுதி: ஸ்டிக் படுகிற ‘டக்’, அதை ஒட்டி வருகிற கனமான அடிச்சத்தம், அப்புறம் சட்டென்று நிற்பது. தோலை இறுக்க இறுக்க முதல் பகுதி மட்டும் மிஞ்சும். கனம் மேலே ஏறி மெலிந்துவிடும், ஓரத்து ரீங்காரம் தூக்கலாகும். தம்பிக்கு வருகிற ‘டொய்ங்’ அதுதான். அதன் மேல் டேப் ஒட்டினால் ரீங்காரம் குறையும், ஆனால் இல்லாத கனம் டேப்பால் வராது.

தம்பி, ஒன்று மட்டும் சொல். டாமைக் கவிழ்த்து, கீழ்த்தோலில் கீ வைத்திருக்கிறாயா?

வில்லாபுரம் மாடி | 8 ஏப்ரல், இரவு 11.05

இல்லை அண்ணே. அங்கே அடிப்பதே இல்லையே என்று விட்டுவிட்டேன். வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

பசுமலை கீ | 8 ஏப்ரல், இரவு 11.30

அங்கேதான் இருக்கிறது. நானும் முதல் இரண்டு வருஷம் கீழ்த்தோலைத் தொடவில்லை. சர்ச்சில் அடித்துக்கொண்டிருந்தபோது மூத்த டிரம்மர் ஒருவர் என் டாமை வாங்கி, மேல்தோலைத் தொடாமல், கீழே மட்டும் ஆறு ராடையும் கால் கால் சுற்று கூட்டினார். அதே டாம்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

நீ மேல்தோலை அடிக்கிறாய். உள்ளே இருக்கிற காற்று கீழ்த்தோலைத் தள்ளுகிறது, அது திரும்பத் தள்ளுகிறது. சத்தம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை இந்த இரண்டு தோலும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும், சத்தம் நீளமாக ஓடும். கீழே கொஞ்சம் ஏறி இருந்தால் சீக்கிரம் அடங்கும். உனக்கு வேண்டியது இரண்டாவது.

செட்டைக் குறை சொல்லாதே. நாளைக்கு எழுதுகிறேன், 12 டாமை மட்டும் எடுத்து வை. ஒரே நாளில் ஐந்தையும் தொட்டால் காது குழம்பிவிடும்.

திருமங்கலம் தவில் | 9 ஏப்ரல், காலை 6.20

நான் டிரம்ஸ்காரன் இல்லை, தவில் வாசிக்கிறவன். ஒரு பக்கத்தைத் தொட்டால் அடுத்த பக்கம் மாறும் என்பது எங்களுக்குத் தினப்பாடு. வலந்தலையை இறுக்கினால் தொப்பிப் பக்கம் பேசுகிற விதமே வேறாகிவிடும். இப்போது வாரை விட்டுவிட்டு நட்டு, போல்ட்டு வைத்த தவில் வந்துவிட்டது. அதில் ஒரு பக்கத்திலிருந்தே வரிசையாக முடுக்கினால் வளையம் சாய்ந்துவிடும், எதிரெதிராகத்தான் முடுக்க வேண்டும். உங்களுக்கும் அப்படித்தானா?

என் பிரச்சினை வேறு. மழைநாளில் என் தவில் தொங்கிப் போகிறது. பறைக்கு மாதிரி தீயில் காய்ச்சவும் முடியாது. டிரம்ஸ் தோலுக்கு என்ன செய்கிறீர்கள்?

பசுமலை கீ | 9 ஏப்ரல், இரவு 9.10

ஐயா, எதிரெதிர் முடுக்கு அப்படியே எங்களுக்கும் பொருந்தும். மழைக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் எங்கள் ஸ்கின் தோலே இல்லை. மைலார் என்கிற பிளாஸ்டிக் தாள். ரெமோ பெல்லி 1957இல் ரெமோ கம்பெனியைத் தொடங்கியதே இந்தப் பிளாஸ்டிக் ஸ்கின்னை விற்கத்தான். அதற்கு முன்னால் டிரம்ஸிலும் கன்றுத்தோல்தான், அவர்களும் மழையில் உங்களைப் போலத்தான் கஷ்டப்பட்டார்கள்.

இனி 12 டாம். ஸ்டாண்டிலிருந்து கழற்றி, இரண்டு ஸ்கின்னையும் எடுத்துவிடு. ஷெல்லின் விளிம்பை உலர்ந்த துணியால் சுற்றித் துடை. பழைய செட்டில் அங்கே ஸ்டிக் தூள் அப்பி இருக்கும், அந்தத் தூள் இருக்கிற இடத்தில் ஸ்கின் சரியாக உட்காராது. ராட் எல்லாவற்றையும் துடைத்து, மரையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும்.

முதலில் கீழ்த்தோல். ஸ்கின்னை வை, ரிம்மை வை, ஆறு ராடையும் விரலால் மட்டும் திருகு. விரலுக்கு மேலே போகாது என்கிற இடத்தில் நிறுத்து. இப்போது கீ எடு. ஒரு ராடில் அரைச் சுற்று, நேர் எதிரில் அரைச் சுற்று, இப்படியே ஆறும். உள்ளங்கையை நடுவில் வைத்து ஒரு தடவை நிதானமாக அழுத்து. ‘படபட’ என்று கேட்டால் பயப்படாதே, விளிம்பில் இருக்கிற பசை விடுகிற சத்தம் அது. அழுத்திய பிறகு ஓரத்தில் சுருக்கம் தெரியும். கால் கால் சுற்றாக, எதிரெதிராக, அந்தச் சுருக்கம் மறைகிற வரைக்கும் கொண்டு போ. ஆறாவது ராடு முடிந்ததும் நிறுத்து.

இங்கேதான் காது வேலை செய்ய வேண்டும். மடியில் ஒரு துண்டை விரித்து டாமை அதன் மேல் வை, அடுத்த பக்கம் ஒலிக்காமல் இருக்கும். ஒரு விரலை நடுவில் லேசாக வை, அழுத்தாதே. ஒவ்வொரு ராடுக்கும் நேராக, ரிம்மிலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி, கீயின் முனையால் தட்டு. ஆறு இடத்திலும் ஒரே சத்தம் வர வேண்டும். எது தாழ்ந்திருக்கிறதோ அதைக் கொஞ்சம் கூட்டு. ஏறியிருப்பதைக் குறைக்க வேண்டுமானால், அந்த ராடை நன்றாகத் தளர்த்திவிட்டு, கீழேயிருந்து மேலே ஏற்றிக் கொண்டு வந்து நிறுத்து. இறக்கி நிறுத்தினால் மரையில் இருக்கிற தளர்வினால் அடிக்கும்போது இன்னும் இறங்கிவிடும்.

அப்புறம் மேல்தோலையும் இதே போலச் செய். சுருக்கம் போன இடத்திலிருந்து கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கீழ்த்தோலுக்கு அரைச் சுற்று. ஸ்டாண்டில் மாட்டி அடித்துப் பார்.

சிம்மக்கல் ராக்கர் | 10 ஏப்ரல், காலை 8.00

அவ்வளவு லூஸாக வைத்தால் ஃபில் வேகமாக வராது, ஸ்டிக் மாவில் விழுந்தது மாதிரி இருக்கும். என் கருத்து இதுதான்.

பசுமலை கீ | 10 ஏப்ரல், மதியம் 1.20

அது உண்மை. எகிறல் குறையும், கையால்தான் ஸ்டிக்கைத் தூக்க வேண்டியிருக்கும். ஜான் பான்ஹாம் கூடப் பெரிய டாம்களை நாம் நினைப்பதைவிட ஏற்றித்தான் வைத்திருந்தார் என்று அவர் அடித்ததைக் கேட்டால் தெரியும். ஆனால் அவர் டாம் 14, ஃப்ளோர் டாம் 16, 18. அந்த அளவில் ஏற்றினாலும் அடியில் கனம் மிஞ்சும். 12இல் அதே மாதிரி ஏற்றினால் ஒன்றும் மிஞ்சாது.

வில்லாபுரம் மாடி | 12 ஏப்ரல், இரவு 10.15

இரண்டு நாளாக உட்கார்ந்தேன். கீழ்த்தோலில் ஐந்து ராடு ஒன்றாக வந்துவிட்டது. ஆறாவது மட்டும் வரவே இல்லை. போனில் டியூனர் ஆப் போட்டுப் பார்த்தேன். மற்ற ஐந்தும் 170 முதல் 173 ஹெர்ட்ஸ் வரை, இது மட்டும் 158. இதை இறுக்கினால் நேர் எதிரில் இருப்பது 180க்குப் போகிறது. அதைக் குறைத்தால் இது 155க்கு இறங்குகிறது. அழுகை வருகிறது அண்ணே.

பசுமலை கீ | 12 ஏப்ரல், இரவு 10.40

நல்ல வேளை, எண்களோடு எழுதினாய். எதிரெதிர் ராடு இரண்டும் ஒரு தராசு மாதிரி, ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும். அதனால் ஒரு ராடு தாழ்ந்து கேட்டால் முதலில் அதன் எதிர் ராடைத் தட்டிப் பார்க்க வேண்டும், இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் 12, 15 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இரண்டு நாள் கழித்தும் போகவில்லை என்றால் கீயில் தப்பு இல்லை. ஷெல் விளிம்பு சமமாக இல்லை, அல்லது ரிம் வளைந்திருக்கிறது, அல்லது ஸ்கின்னின் வளையம் நெளிந்திருக்கிறது.

வீட்டு அடுப்படியில் கிரானைட் மேடை இருக்கிறதா? அதைவிடச் சமமான பரப்பு வீட்டில் கிடைக்காது. ஸ்கின் இரண்டையும் கழற்றி வெறும் ஷெல்லை மேடையில் கவிழ்த்து வை. உள்ளே போன் டார்ச்சைப் போட்டு, மேல் வாயைத் துணியால் மூடி, லைட்டை அணைத்துவிடு. விளிம்பைச் சுற்றி வெளிச்சம் எங்காவது கசிகிறதா என்று கண்ணை மேடை மட்டத்துக்குக் கொண்டு வந்து பார். அப்புறம் ரிம்மை மேடையில் வைத்து, விரலால் ஒவ்வொரு பக்கமும் தட்டிப் பார்.

வில்லாபுரம் மாடி | 13 ஏப்ரல், இரவு 11.20

அம்மா நாளை வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடிக்கு அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, லைட்டை அணைத்துவிட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்தேன். ஷெல்லில் ஒரு பொட்டு வெளிச்சம் கூடக் கசியவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். கீழ் ரிம்மை வைத்ததும் ‘தடக் தடக்’ என்று ஆடியது. அந்த ஆறாவது ராடு வருகிற இடத்தில்தான் மேலே தூக்கி நிற்கிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டை இரண்டாக மடித்து உள்ளே நுழைக்க முடிந்தது. வாங்கியபோது விற்றவர் புது செட் மாதிரி என்றார். எங்கேயோ கீழே விழுந்திருக்கிறது போல.

பசுமலை கீ | 13 ஏப்ரல், இரவு 11.35

ரிம் மாற்றினால் போதும், டாமைத் தூக்கிப் போட வேண்டாம். 12 இன்ச், ஆறு ஓட்டை. ஓட்டை எண்ணிக்கையைச் சரிபார்த்து வாங்கு, எட்டு ஓட்டை கொடுத்துவிடுவார்கள். வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்தாதே, ஒரு பக்கம் இறங்கினால் இன்னொரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

உனக்கும் அம்மாவுக்கும் புத்தாண்டு வாழ்த்து.

மேலூர் சவுண்ட் | 15 ஏப்ரல், காலை 11.00

இதற்கா இவ்வளவு பாடு? மைக் வைத்து, டாமில் 400 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டி, அடியைக் கூட்டி, கேட் போட்டால் எந்த டாமும் குத்தும். மேடை சவுண்ட் ஆளிடம் சொல்லிவிட்டால் முடிந்தது.

வில்லாபுரம் மாடி | 15 ஏப்ரல், இரவு 9.30

அண்ணே, தெரு மேடையில் கிக்குக்கு ஒரு மைக்தான், டாமுக்கு எதுவும் கிடையாது.

பசுமலை கீ | 15 ஏப்ரல், இரவு 10.00

மைக் இருந்தாலும் நான் இதையே சொல்வேன். ஒரு ராடு தனியாக ஏறி நின்று ரீங்கரிக்கிற டாமில் கேட் திறந்தால் அந்த ரீங்காரமும் சேர்ந்துதான் உள்ளே வரும்.

ஆனால் மேலூர் நண்பர் வந்தது நல்லது, ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. டிரம்மர் இருக்கையில் கேட்கிற ரீங்காரத்தில் பாதி, பத்தடி தள்ளி நிற்கிறவருக்குக் கேட்காது. நான் ஆரம்பத்தில் என் காதுக்குச் சுத்தமாகும் வரை டேப் ஒட்டிவிட்டு, முன்னால் நின்ற நண்பனிடம் கேட்டால், ‘சூட்கேஸைத் தட்டுகிறாயா?’ என்பான். யாரையாவது அடிக்கச் சொல்லிவிட்டு நீ கொட்டகை வாசலில் நின்று கேள். அதற்கப்புறம் டேப் எடு.

பசுமலை கீ | 18 ஏப்ரல், இரவு 9.15

முன்னால் எழுதியதில் ஒன்றை மாற்றுகிறேன். மேலே கால் சுற்று, கீழே அரைச் சுற்று என்று 9ஆம் தேதி சொன்னேன். நேற்று நண்பன் செட்டில் அதே கணக்கை வைத்துப் பார்த்தேன், வேறு எங்கோ போய் நின்றது. மரை நெருக்கம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, பழைய ஸ்கின் ஏற்கெனவே நீண்டிருக்கும். சுற்றை எண்ணுவது சுருக்கம் போகிற வரைக்கும்தான். அதற்கப்புறம் சுருதி.

பாட்டு கொஞ்சம் தெரிந்தால் இப்படிக் கேள்: மேல்தோலைத் தட்டி வருவதை ச என்று வைத்துக்கொண்டால், கீழ்த்தோல் சாதாரண காந்தாரத்தில் இருக்கட்டும். அந்த இடைவெளியில் எனக்கு 12 டாம் ‘டூம்’ என்று ஒரு தடவை வளைந்து அடங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே சுருதியில் வைத்தால் ‘டூ…ம்’ என்று ஓடும், மெதுவான பாட்டுக்கு அழகு, வேகமான ராக் பாட்டில் அடுத்த அடியோடு கலந்துவிடும்.

டாமுக்கும் ஃப்ளோர் டாமுக்கும் நடுவே, முழு அடியாக நடுவில் அடித்துக் கேட்டால், 16 ச என்றால் 12 சுத்த மத்யமம். 13ஐ என்ன செய்வது என்று நீ கேட்பாய். 12க்கும் 13க்கும் ஒரு இன்ச்தான், இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டுமென்றால் ஒன்றை அதற்குப் பிடிக்காத சுருதியில் வைக்க வேண்டும். மே 11 வரைக்கும் 13ஐக் கழற்றி ஓரமாக வை. மேலே ஒன்று, கீழே ஒன்று. ராக்குக்கு அது போதும்.

திருமங்கலம் தவில் | 18 ஏப்ரல், இரவு 9.50

சுருதியில் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் சுற்று, ராடு என்று தலை சுற்றியது.

வில்லாபுரம் மாடி | 21 ஏப்ரல், மாலை 6.30

புது ரிம் போட்டேன். ஆறும் ஒன்றாக வந்துவிட்டது, 168க்கும் 170க்கும் நடுவே. மேலே 142 பக்கம். ஒரு அடி அடித்தேன், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கீழே அப்பா என்னடா என்று கூப்பிட்டார்.

ஃப்ளோர் டாம் மட்டும் இன்னும் கொஞ்சம் அட்டை மாதிரி. ஸ்னேர் அப்படியே பானை. கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் ‘சட்’ வரவில்லை.

பசுமலை கீ | 21 ஏப்ரல், இரவு 8.00

168ம் 142ம். நான் சொன்ன காந்தாரத்துக்கு மிக அருகில் இருக்கிறது, எண்ணைத் தொடாதே.

ஃப்ளோர் டாம்: மூன்று காலையும் தூக்கிப் பார், ரப்பர் தேய்ந்து இரும்பு தரையில் நேராக முட்டுகிறதா? முட்டினால் கீழ்த்தோலின் சக்தி எல்லாம் தரைக்குள் போய்விடும். புது ரப்பர் கிடைக்கும் வரை ஒவ்வொரு காலுக்கும் கீழே பழைய சைக்கிள் டியூபை நான்காய் மடித்து வை.

ஸ்னேருக்கு, கம்பியை இறக்கிவிட்டு, கவிழ்த்து ஒரு படம் போடு. கீழ்த்தோல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வில்லாபுரம் மாடி | 21 ஏப்ரல், இரவு 8.25

படம் போட்டிருக்கிறேன். மேலே இருக்கிற மாதிரியே வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கிறது.

பசுமலை கீ | 21 ஏப்ரல், இரவு 8.40

கிடைத்துவிட்டது. யாரோ மேல்தோலைக் கொண்டு வந்து கீழே போட்டிருக்கிறார்கள். ஸ்னேரின் கீழே போடுகிற ஸ்கின்னே வேறு, கண்ணாடித் தாள் மாதிரி மெல்லியது. மேலே போடுகிற ஒற்றைத் தாள் ஸ்கின் ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் 10 பங்கு கனம் என்றால், கீழே போடுவது 3 பங்குதான். அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் மேலே மெதுவாக அடித்தாலும் அது துடித்துக் கம்பியை உதறும். உன்னுடையது போர்வை மாதிரி கனத்துக் கிடக்கிறது, கம்பிக்கு அடியே போய்ச் சேரவில்லை. கம்பியை இறுக்க இறுக்க அது அந்தக் கனத்த தோலில் இன்னும் ஒட்டிக்கொண்டு, வாயைக் கட்டிவிட்டது.

14 இன்ச் ஸ்னேர் சைடு என்று கேட்டு வாங்கு. வெறும் 14 என்று கேட்டால் மறுபடியும் இதையே கொடுப்பார்கள்.

சிம்மக்கல் ராக்கர் | 22 ஏப்ரல், காலை 7.40

என் ஸ்னேரையும் கவிழ்த்துப் பார்த்தேன். மெல்லிய தோல்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் கை வைத்தால் இரண்டு விரல்கடை உள்ளே போகிறது. இதுவும் தப்பா?

பசுமலை கீ | 22 ஏப்ரல், இரவு 10.10

தப்புதான். டாமில் நான் லூஸாக வைக்கச் சொன்னேன், ஸ்னேரின் கீழ்த்தோலில் மட்டும் நீங்கள் சொல்கிற ‘நன்றாக இறுக்கு’ சரி. ரிம்மை ஒட்டி, ராடுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகத்தான் அமுங்க வேண்டும். என் ஸ்னேரில் கீழே 340 ஹெர்ட்ஸ் பக்கம், மேலே 270 பக்கம். கீழ்த்தோல் கிழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். முறையாக எதிரெதிராக ஏற்றினால் கிழியாது. விரல் நகமோ ஸ்டிக் முனையோ குத்தினால் ஒரு நொடியில் போய்விடும், அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கம்பி ஓடுகிற இரண்டு முனையிலும் ஷெல் விளிம்பு கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த இடத்தில் சின்னச் சுருக்கம் தெரிந்தால் அதைப் போக்க வேண்டும் என்று அந்த நான்கு ராடை மட்டும் முறுக்காதீர்கள். நான் அப்படி முறுக்கி ஒரு ஸ்கின்னைக் கெடுத்திருக்கிறேன்.

கம்பிக்கு வருவோம். இரண்டு பக்கமும் விளிம்பிலிருந்து சம தூரத்தில் நிற்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். திருகை முழுதும் தளர்த்திவிட்டு, விளிம்பு ஓரமாக மெதுவாகத் தட்டிக்கொண்டே இறுக்குங்கள். முதலில் ‘ஜர்ர்’ என்று அலையும். அந்த அலைச்சல் நின்று ‘சட்’ என்று ஒரே துண்டாக வருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்துங்கள். கால் திருகு தாண்டினாலே மெல்லிய அடிகள் செத்துவிடும்.

திருமங்கலம் தவில் | 23 ஏப்ரல், இரவு 11.45

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய்விட்டு இப்போதுதான் வீடு வந்தேன். கூட்டத்துக்கு நடுவே ஒரு பேண்ட் செட்டு. சைடு டிரம் அடித்தவர் நடந்துகொண்டே கவிழ்த்து, கீழே கம்பியைத் தடவிப் பார்த்து, திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். அடுத்த அடி பளிச்சென்று விழுந்தது. உங்கள் இழையைப் படிக்காமல் இருந்திருந்தால் அதை நான் கவனித்தே இருக்க மாட்டேன்.

வில்லாபுரம் மாடி | 28 ஏப்ரல், இரவு 9.00

ஸ்னேர் சைடு ஸ்கின் போட்டேன். அடித்ததும் எனக்கே திடுக்கென்றது. மேலே 265, கீழே 335. கம்பி நீங்கள் சொன்ன இடத்தில். ரிம்மையும் ஸ்கின்னையும் சேர்த்து அடித்தால் வெடி மாதிரி. மேலே இன்னும் கொஞ்சம் ரிங் இருக்கிறது. வாசலில் நின்று கேட்டேன், அங்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

புதுப் பிரச்சினை: 12 டாமை அடித்தால் ஸ்னேர் கம்பி தானாகவே ‘ஜ்ஜ்’ என்று பேசுகிறது. முன்னால் இல்லை.

மேலூர் சவுண்ட் | 29 ஏப்ரல், காலை 10.20

முன்னால் ஸ்னேர் கீழே பேசவே இல்லை, இப்போது பேசுகிறது, அவ்வளவுதான். டாம் சுருதி ஸ்னேர் தோலை எழுப்புகிறது. எல்லா மேடையிலும் இதைக் கேட்டிருக்கிறேன். பேஸ் கிட்டார் வந்துவிட்டால் யாருக்கும் கேட்காது. அன்றைக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று எழுதினேன். டியூன் செய்யாத செட்டுக்கு மைக் வைத்து நான் பட்ட பாடும் கொஞ்சம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

பசுமலை கீ | 29 ஏப்ரல், இரவு 9.30

கொஞ்சம் குறைக்கலாம், முழுதாகப் போகாது. கம்பியின் இரண்டு பக்கமும் இருக்கிற நான்கு ராடை மட்டும், கீழ்த்தோலில், ஒரு எட்டில் ஒரு பங்கு சுற்றுத் தளர்த்திப் பார். அல்லது 12ஐ இரண்டு தோலிலும் சமமாகக் கொஞ்சம் ஏற்றி, ஸ்னேர் துடிக்கிற சுருதியை விட்டு நகர்த்து. நான் இரண்டாவதைத்தான் செய்வேன், ஸ்னேர் நன்றாக இருக்கும்போது அதைத் தொட மனசு வராது. கம்பியை இறுக்கி அதை அடக்கப் பார்க்காதே, பழைய பானைக்கே போய்விடுவாய்.

சிம்மக்கல் ராக்கர் | 5 மே, மதியம் 3.10

நேற்று அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தது. மாடி ரூமில் மதியம் அடித்தால் டாம் இறங்கிப் போயிருக்கிறது, ராத்திரி ஏறிவிடுகிறது. பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது என்றுதானே பசுமலை தவில் ஐயாவிடம் சொன்னார்?

பசுமலை கீ | 5 மே, இரவு 8.50

ஈரத்துக்கு ஆகாது என்ற பொருளில்தான் சொன்னேன், சூட்டுக்கும் சேர்த்துச் சொல்லியது போல் ஆகிவிட்டது. சூட்டில் பிளாஸ்டிக் தாள், இரும்பு ரிம், மரம் மூன்றும் ஒரே அளவில் விரிவதில்லை. என் செட்டிலும் மதியம் இறங்கித்தான் கேட்கும்.

மேலூர் சவுண்ட் | 5 மே, இரவு 9.40

ஏசி ஹாலில் நான் கேட்டது நேர்மாறு. வெளியில் டியூன் செய்து கொண்டு வந்த டாம், ஏசியில் இரண்டு மணி நேரம் கழித்து இறங்கியிருந்தது.

பசுமலை கீ | 5 மே, இரவு 10.05

இரண்டு மணி நேரம் அடித்திருந்தால் ராடு தானாகத் தளர்ந்தும் இறங்கும், அதிலும் ரிம்ஷாட் விழுகிற ஸ்னேர் ராடு முதலில் தளரும். அது ஏசியா, அடியா என்று இங்கே உட்கார்ந்து பிரிக்க முடியாது. தம்பி, செட்டை மேடையில் ஏற்றி ஒரு மணி நேரமாவது அந்த இடத்துச் சூட்டுக்கு விட்டுவிட்டு, அப்புறம் கீ எடு.

வில்லாபுரம் மாடி | 12 மே, காலை 9.10

நேற்று அடித்தேன். மாலை ஐந்து மணிக்கு மேடையில் 12இன் மேல்தோல் 136க்கு இறங்கியிருந்தது, ஏழு மணிக்குத் திரும்ப 142க்குக் கொண்டு வந்தேன். ஃப்ளோர் டாம் காலுக்கு சைக்கிள் டியூப். 13 வீட்டிலேயே இருந்தது. டேப் ஒட்டவில்லை. மூன்றாவது பாட்டு நடுவில் ஸ்னேரில் எனக்கு நேராக இருக்கிற ராடு தளர்ந்து சத்தம் மாறியது, பாட்டு முடிந்ததும் கீயால் கூட்டினேன். டாம் அடித்தால் கம்பி பேசுகிறது இன்னும் இருக்கிறது. தெருமுனை டீக்கடையில் நின்ற அப்பா டாம் சத்தம் அங்கே வரைக்கும் முட்டியது என்றார்.

அண்ணே, கிக்குக்குள் இன்னும் தலையணைதான் இருக்கிறது. அதை எடுக்கலாமா?

பசுமலை கீ | 12 மே, இரவு 9.00

பொறு, எடுக்காதே. முன்தோலில் ஓட்டை இருக்கிறதா, எவ்வளவு அகலம், ஓரத்திலா நடுவிலா, அதைப் படம் எடுத்துப் போடு.